டாலரை இப்போதே மாற்றவா, வட்டிக் கூட்டம் முடியட்டுமா?

கேள்வி: 11 வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூரு திரும்பி நான்கு மாதம் ஆகிறது. இருவருமே ஒர்க் விசாவில் போனவர்கள். 60,000 டாலர் இன்னும் அங்கே ஒரு பெரிய வங்கியின் சாதாரண சேவிங்ஸ் கணக்கில் கிடக்கிறது. வர்த்தூர் பக்கம் வாங்கிய ஃபிளாட்டுக்கு இன்னும் 27 லட்சம் பாக்கி. பாதியை ஆறு வாரத்தில் கட்ட வேண்டும், மீதியை எட்டு மாதம் கழித்து. மகள் ஒன்பதாம் வகுப்பு, கல்லூரிக்கு வெளிநாடு போக ஆசைப்படுகிறாள். அடுத்த வாரம் அமெரிக்காவில் வட்டிக் கூட்டம், பிறகு நம் ரிசர்வ் வங்கிக் கூட்டம். "வட்டியைக் குறைத்தால் டாலர் விழும், இப்போதே மாற்று" என்கிறார் என் கணவர். "ரூபாய் விழுந்துகொண்டேதான் இருக்கும், பொறு" என்கிறார் அலுவலக நண்பர். யார் பேச்சைக் கேட்பது சார்?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வது சரியென்றால் 2024ன் கடைசி மூன்று மாதங்களில் டாலர் விழுந்திருக்க வேண்டும். அந்த வருடம் செப்டம்பர் 18ஆம் தேதி அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஒரே அடியாக அரை சதவீதம் குறைத்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு நடந்த முதல் குறைப்பு அது. நவம்பரில் கால், டிசம்பரில் இன்னொரு கால் என்று மூன்று கூட்டத்தில் மொத்தம் ஒரு சதவீதம் இறங்கியது. முதல் குறைப்பின்போது ஒரு டாலர் 84 ரூபாய்க்குக் கீழே இருந்தது. மூன்றாவது குறைப்புக்கு மறுநாள், டிசம்பர் 19ஆம் தேதி, 85ஐத் தாண்டியது. வட்டி இறங்க இறங்க டாலர் ஏறியது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. குறைப்பு வரும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்த செய்தி அந்தக் கணமே விலையில் ஏறிவிடும். டீலிங் ரூமில் இதை 'டிஸ்கவுண்ட் ஆயிடுச்சு' என்பார்கள். கூட்டத்தன்று விலையை அசைப்பது குறைப்பு இல்லை, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான். அந்த டிசம்பரில் கால் சதவீதம் குறைத்த கையோடு, அடுத்த வருடம் முன்பு சொன்ன அளவுக்குக் குறைக்க மாட்டோம் என்றும் ஃபெடரல் ரிசர்வ் கோடிகாட்டியது. சந்தை பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது செய்தியை. எது எதிர்பாராததாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அது எதிர்பாராததே இல்லையே!

சரி, கூட்டம் முடிந்து முடிவைப் பார்த்துவிட்டு மாற்றலாமா? அதுவும் நடக்காது. அவர்கள் முடிவை அறிவிப்பது வாஷிங்டனில் மதியம் 2 மணிக்கு. நமக்கு அப்போது இரவு பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. நம் அந்நியச் செலாவணிச் சந்தை மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திறக்கும். திறக்கும்போதே முடிவை உள்வாங்கிய விலையில்தான் திறக்கும். நீங்கள் காபி குடித்துவிட்டு வங்கிக்குப் போன் போடுவதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். நம் ரிசர்வ் வங்கி காலை 10 மணிக்கு அறிவிக்கிறது, சந்தை திறந்திருக்கும் நேரம்தான். ஆனால் விலை நகர எடுத்துக்கொள்வது சில வினாடிகள்.

இனி நண்பர் பக்கம். நீண்ட கால ஓட்டத்தில் அவர் சொல்வது பெரும்பாலும் பலித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அளவுகோல் ஆறு வாரம், எட்டு மாதம். அந்த நீளத்தில் ரூபாய் என்ன செய்யும் என்பதற்கு நான் பக்கத்திலிருந்து பார்த்த கதை ஒன்று உண்டு.

2013ல் நான் மும்பை ஃபோர்ட்டில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணி மேசையில் இருந்தேன். அந்த மே மாதம், கடன் பத்திரம் வாங்கிச் சந்தையில் டாலரை விடுவதைக் குறைக்கப் போகிறோம் என்று ஃபெடரல் ரிசர்வ் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அப்போது 55 பக்கம் இருந்த டாலர் ஆகஸ்ட் 28ல் 68ஐத் தாண்டிப் போய் நின்றது. மஸ்கட்டிலிருந்து என் சொந்தக்காரர் ஒருவர் தினமும் கூப்பிடுவார். 60 வந்தபோது "65 ஆகட்டும்" என்றார், 65ல் "70 ஆகட்டும்" என்றார். மாதுங்காவில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார், செப்டம்பர் கடைசியில் பத்திரப்பதிவு. செப்டம்பர் 4ஆம் தேதி ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றார். வெளிநாட்டு இந்தியர்களின் டாலர் டெபாசிட்டுகளை இழுக்க வங்கிகளுக்குச் சலுகை விலையில் ஒரு ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, பத்திரம் வாங்குவதை இப்போதைக்குக் குறைக்கவில்லை என்று ஃபெடரல் ரிசர்வ் எல்லோரையும் வியக்க வைத்தது. அக்டோபரில் டாலர் 61, 62. சொந்தக்காரர் 62 சொச்சத்தில் மாற்றினார். அவருக்கு ஆலோசனை சொன்ன மேதாவி நான்தான். "இன்னும் கொஞ்சம் பாருங்க மாமா" என்று ஆகஸ்டில் சொன்னது என் வாய்தான். அதற்குப் பிறகு ரேட் எங்கே போகும் என்று யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை.

அது பழைய கதை என்று நினைத்தால் 2025ஐப் பாருங்கள். பிப்ரவரியில் 88ஐ நெருங்கிய டாலர் மே தொடக்கத்தில் 84 பக்கம் வந்தது. அதே வருடம் டிசம்பரில் 90ஐத் தாண்டியது. நண்பர் சொன்ன திசையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஏப்ரலில் ஃபிளாட்டுக்குப் பணம் கட்ட வேண்டியவருக்கு டிசம்பர் விலையால் என்ன பிரயோஜனம்?

ஆகவே கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது 60,000 டாலர் என்ற ஒரே மூட்டை இல்லை, மூன்று மூட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதியில் எந்த நாணயம் தேவை என்பதும் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் படிக்கும் நாளின் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் மூட்டை ஆறு வாரத்தில் கட்ட வேண்டிய 13.5 லட்சம், அதாவது 15,000 டாலர். இதை உடனே மாற்றிவிடுங்கள், கூட்டத்துக்கு முன்பே. ஆறு வாரத்தில் ரேட் ஒரு ரூபாய் கூடினால் உங்களுக்கு 15,000 ரூபாய் லாபம். நான்கு ரூபாய் குறைந்தால் 60,000 பள்ளம், அதை பில்டர் கெடு வைத்த தேதியில் நிரப்ப வேண்டும். "ரேட் சரியில்லை, ஒரு மாதம் பொறுங்கள்" என்று பில்டரிடம் சொல்ல முடியாது. கர்நாடக ரேரா விதிப்படி தாமதத்துக்கான வட்டி, ஸ்டேட் பாங்கின் எம்சிஎல்ஆர் என்ற அடிப்படைக் கடன் வட்டியோடு 2 சதவீதம் சேர்த்தது. டாலர் அசைவில் கிடைப்பதை அது விழுங்கிவிடும். பணம் அமெரிக்காவிலிருந்து வந்து சேர, வங்கி கேட்கும் தாள்களைக் கொடுக்க, ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள்.

இரண்டாவது மூட்டைதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. எட்டு மாதம் கழித்து இன்னொரு 13.5 லட்சம். இன்றே மாற்றி ரூபாய் டெபாசிட்டில் போடலாம், டாலராகவே வைத்திருந்து பிறகு மாற்றலாம். ரேட் எங்கே போகும் என்று ஊகிக்காமல், காத்திருக்க நீங்கள் கொடுக்கும் கூலி எவ்வளவு என்று மட்டும் முதலில் பாருங்கள்.

ரூபாய் டெபாசிட் 6.5 சதவீதம் தருகிறது என்று வைப்போம். 13.5 லட்சத்துக்கு எட்டு மாத வட்டி 58,500 ரூபாய். உங்கள் டாலர் இப்போது கிடக்கும் சாதாரண சேவிங்ஸ் கணக்கில் பெரிய அமெரிக்க வங்கிகள் தரும் வட்டி ஏறக்குறைய பூஜ்யம். ஆக, அங்கேயே விட்டுவைத்தால் எட்டு மாதத்தில் டாலர் 93.90க்குப் போனால்தான் இன்று மாற்றியதற்குச் சமம். அதற்குக் கீழே எங்கே நின்றாலும் காத்திருந்ததில் நஷ்டம். டாலர் 90லிருந்து 92க்குப் போய், நண்பர் "பார்த்தீர்களா" என்று சிரித்தாலும்கூட நஷ்டம்தான்.

அதே டாலரை 3.5 சதவீத வட்டி தரும் இடத்துக்கு நகர்த்தினால் எட்டு மாதத்தில் 350 டாலர் சேரும். சமன் புள்ளி 91.76க்கு இறங்கிவிடுகிறது. (எட்டு மாதம் கழித்து டாலர் தருகிறேன் என்று வங்கியிடம் இன்றே விலை பேசினால் இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் சொல்லும். பார்வர்ட் பிரீமியம் என்பது அதுதான். பலர் அதை வங்கியின் ஜோசியம் என்று நினைக்கிறார்கள். அடிப்படையில் அது இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள இடைவெளி.)

இதில் வரியையும் சேர்க்க வேண்டும், பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான். 11 வருடம் வெளியே இருந்து திரும்பியவர் என்பதால் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் உடனே முழு வசிப்பாளர் ஆகிவிடுவதில்லை. இடையில் ஆர்என்ஓஆர் என்று ஒரு நிலை இருக்கிறது. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தவருக்கு, அல்லது முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் தங்கியது 729 நாளுக்கு மிகாதவருக்கு அது கிடைக்கும். உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாக இரண்டு நிதியாண்டு, லீவுக்கு ஊருக்கு வந்த நாட்கள் குறைவாக இருந்தால் மூன்று. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கணக்கில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. இங்குள்ள வங்கியில் ஆர்எஃப்சி என்ற டாலர் கணக்கில் போட்டு வரும் வட்டிக்கும் இல்லை. ரூபாய் டெபாசிட் வட்டிக்கு மட்டும் வரி உண்டு.

நீங்கள் 30 சதவீதப் படியில் இருந்தால் அந்த 58,500 கையில் 40,950 ஆகிறது, செஸ் தனி. டாலர் பக்கம் 350 டாலரும், அதாவது 31,500 ரூபாய், முழுசாக நிற்கிறது. இடைவெளி 9,450 ரூபாய்தான். சமன் புள்ளி இப்போது 90.62. பூஜ்ய வட்டிக் கணக்கிலேயே விட்டிருந்தால் வரிக்குப் பிறகும் 92.73 வரை ஏற வேண்டும். அடுத்த வார வட்டிக் கூட்டத்தைவிட, டாலர் எந்தக் கணக்கில் தூங்குகிறது என்பது உங்கள் பணத்தை அதிகம் அசைக்கிறது பாருங்கள்.

எட்டு மாதத்தில் 62 பைசா என்பது சிறிய தடை. டாலர் அதைத் தாண்டலாம் என்று பழைய வரலாறு சொல்கிறது. ஆனால் 2025 மே போல ஒரு மாதம் உங்கள் கெடுவோடு வந்து மோதினால்? 86க்கு விழுந்தது என்று வைப்போம். 15,350 டாலருக்குக் கிடைப்பது 13 லட்சத்து 20 ஆயிரம். கட்ட வேண்டியதில் 30,000 துண்டு விழும். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் அது சமாளிக்கக்கூடியது. உங்கள் வீட்டில் இன்னும் வேலை அமையவில்லை என்றால் இந்த விளையாட்டே வேண்டாம், முழு 30,000 டாலரையும் இப்போதே ரூபாயாக்கிவிடுங்கள்.

வேலை இருக்கிறது என்றால் நான் செய்வது இது: இரண்டாவது 15,000ல் பாதியை, 7,500 டாலரை, முதல் மூட்டையோடு சேர்த்து இப்போதே மாற்றுவேன். மறுபாதிக்கு இன்றிலிருந்து நாலாவது மாதத்தில் ஒரு தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அன்று ரேட் எதுவானாலும் மாற்றுவேன். அன்று டிவியைப் பார்க்கக் கூடாது. மாதாமாதம் சிறுசிறு துண்டாக மாற்றினால் சராசரி கிடைக்கும் என்று ஒரு வழி சொல்வார்கள். பெரிய தொகைக்குச் சரி. 7,500 டாலரை ஆறு துண்டாக்கி ஆறு முறை வயர் அனுப்பினால், ஒவ்வொரு முறையும் அங்குள்ள வங்கி எடுக்கும் கட்டணமும் நடுவிலுள்ள வங்கி கடித்துக்கொள்ளும் டாலரும் சேர்ந்து, நாம் மேலே கண்ட 9,450 ரூபாயைவிட அதிகமாகப் போய்விடலாம். இரண்டே துண்டு போதும்.

மூன்றாவது மூட்டை, மீதி 30,000 டாலர். இதை மாற்றவே வேண்டாம். மகளின் படிப்பு வெளிநாட்டில்தான் என்றால் அந்தச் செலவே டாலரில்தான் வரப்போகிறது. இன்று ரூபாயாக்கி, நான்கு வருடம் கழித்து மறுபடி டாலராக்கினால், வங்கியின் மார்ஜின் இரண்டு முறை போகும். திரும்ப அனுப்பும்போது எல்ஆர்எஸ் என்ற வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்புக்குள் போக வேண்டும். உங்கள் தொகைக்கு வரம்பு பிரச்சினையில்லை, ஆனால் பத்து லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு பிடித்தமும் அதன் தாள்களும் சேரும். அவள் மனம் மாறி இங்கேயே படிக்கிறேன் என்றால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

இந்தியா திரும்பிவிட்டதால் அமெரிக்கக் கணக்கை மூடியே ஆக வேண்டும் என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். வேண்டியதில்லை. வெளிநாட்டில் வாழ்ந்தபோது சேர்த்த சொத்தை அங்கேயே வைத்திருக்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் இந்திய முகவரிக்கு மாறிய பிறகு நல்ல வட்டி தரும் புதுக் கணக்கை அங்கே திறப்பது கடினம். அதனால் இந்த 30,000க்கு ஆர்எஃப்சி டெபாசிட்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். அந்தப் பணத்தை வெளிநாட்டில் செலவிட எல்ஆர்எஸ் வரம்பும் இல்லை. அமெரிக்காவில் வைத்திருக்கும் வரை அந்த வங்கியிடம் W-8BEN படிவம் கொடுத்து, இனி அங்கே வரி வசிப்பாளர் இல்லை என்று பதிந்துவிடுங்கள். வங்கி வட்டிக்கு அங்கே வரி பிடிக்க மாட்டார்கள். ஆர்என்ஓஆர் முடிந்து முழு வசிப்பாளரான வருடத்திலிருந்து இரண்டு வட்டிக்கும் இங்கே வரி உண்டு, அமெரிக்கக் கணக்கை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டவும் வேண்டும். மறந்தால் கருப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் அபராதம் இருக்கிறது. அந்த வருடம் வருவதற்குள் அங்குள்ளதை இங்கே ஆர்எஃப்சிக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரு தலைவலி குறையும்.

ஆர்எஃப்சி கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. 'ஆர்எஃப்சி டொமஸ்டிக்' என்று பெயரில் மட்டும் தம்பியான ஒரு கணக்கு உண்டு. அதில் வட்டி கிடையாது, ஒரு மாதம் சேர்ந்ததை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்கியே தீர வேண்டும். கவுண்டரில் இருப்பவர் புதியவராக இருந்தால் இரண்டையும் குழப்பி அந்தப் படிவத்தை நீட்டக்கூடும். வெளிநாடு வாழ்ந்து திரும்பியவருக்கான ஆர்எஃப்சி என்று அழுத்திச் சொல்லுங்கள். எஃப்சிஎன்ஆர் என்ற, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான டாலர் டெபாசிட்டை யாராவது சொன்னால், புதிதாகத் திறக்க உங்களுக்கு இனித் தகுதியில்லை, வெளிநாட்டில் இருந்தபோதே போட்டது இருந்தால் முதிர்வு வரை தொடரலாம். பழைய என்ஆர்இ கணக்கு இருந்தால் அதைச் சாதாரண கணக்காக மாற்றும்படி வங்கிக்கு இந்த மாதமே எழுதிக் கொடுங்கள். டெபாசிட் போடுமுன் முன்கூட்டி உடைத்தால் வட்டி உண்டா என்று கேளுங்கள். ஓராண்டுக்குள் உடைத்தால் ஒன்றும் தராத வங்கிகள் உண்டு. அதனால்தான் நாலாவது மாதத்தில் மாற்ற வேண்டிய 7,500ஐ இதில் பூட்ட வேண்டாம் என்பேன். அதை அமெரிக்காவிலேயே, உங்கள் பழைய வங்கியில் கொஞ்சம் வட்டி தரும் திட்டம் இருந்தால் அதற்கு நகர்த்தி வையுங்கள்.

கடைசியாக, ரேட்டைப் பற்றி நீங்கள் கட்டுப்படுத்தக்கூடிய ஒரே விஷயம். நீங்கள் கூகுளில் பார்க்கும் விலை வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் விலை. உங்களுக்கு வங்கி போடுவது அதன் கார்டு ரேட், அறுபது பைசாவிலிருந்து ஒரு ரூபாய் வரைகூடக் குறைவாக இருக்கும். 22,500 டாலருக்கு 60 பைசா என்றால் 13,500 ரூபாய். கூட்டத்துக்கு முன்னா பின்னா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைக் கேட்காமலே கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

டாலர் உங்கள் கணக்குக்கு வந்தவுடன் வங்கி தானாகவே கார்டு ரேட்டில் மாற்றி வரவு வைத்துவிடும், அதற்கு முன் தடுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து அனுப்பும்போது ரூபாயாக அனுப்பச் சொல்லாதீர்கள். 'ஃபீஸ் இல்லை' என்று விளம்பரம் சொல்லும், கட்டணம் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும். டாலராகவே வயர் செய்யுங்கள். அனுப்பும் முன்பே கிளை மேலாளருக்கு மின்னஞ்சலில், 'பணம் வந்ததும் என்னைக் கேட்காமல் மாற்ற வேண்டாம், ட்ரெஷரியிடம் டீல் ரேட் வாங்கித் தரவும்' என்று எழுதுங்கள். அவர்கள் மொழியில் இதற்கு டிஸ்போசல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று பெயர். வந்து சேர்ந்த நாளில் காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் இடையில் போன் செய்து, அந்த நிமிடத்துச் சந்தை விலை என்ன, எனக்கு எவ்வளவு பைசா கழித்துத் தருகிறீர்கள் என்று இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும், அதற்குப் பிறகு கேட்டால் கார்டு ரேட்தான் பதில். 20 பைசாவுக்கு இறங்கி வந்தால் ஒரே போன் காலில் 9,000 ரூபாய். அசையவே மாட்டேன் என்றால் கணவருடைய சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலும் கேளுங்கள். பின்னால் சரிபார்க்க, எஃப்பிஐஎல் நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் மதியம் வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட் இருக்கிறது. அன்றைய உங்கள் விலையை அதோடு வைத்துப் பாருங்கள்.

மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டி உண்டு, பயப்படும் அளவுக்கு இல்லை. 18 சதவீதம் என்பது முழுத் தொகைக்கு இல்லை. சட்டம் ஒரு சிறு பங்கைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. 22,500 டாலர், அதாவது 20 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்கு அந்த மதிப்பு 6,525 ரூபாய், அதில் 18 சதவீதம் 1,174 ரூபாய் சொச்சம். பில்லில் அதைவிடப் பெரிய எண் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். உள்வந்த பணத்துக்கான சான்றையும் வாங்கி ஃபிளாட் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரியில் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

உங்களில் யாருக்காவது கிரீன் கார்டு கிடைத்து அதை இன்னும் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் W-8BEN கொடுக்காதீர்கள், முதலில் எனக்கு எழுதுங்கள். அமெரிக்கா அப்போது உங்களைத் தன் வரி வசிப்பாளராகவே நினைத்துக்கொண்டிருக்கும், மேலே போட்ட வட்டிக் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.